ஐம்பது ரூபாயோடு வரும் வாசகர்கள்

சென்னையின் முதல் புத்தகக் காட்சி நடந்த இடம் ஒரு பள்ளிக்கூடம். 1977 டிசம்பரில், அண்ணா சாலையில் காயிதே மில்லத் கல்லூரிக்கு எதிரே உள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் 22 அரங்குகளோடு அது தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான அரங்குகளோடு, நாள் முழுக்க நடந்தாலும் பார்த்து முடிக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்களும் நடக்கின்றன. அங்கெல்லாம் பள்ளிப் பேருந்துகளில் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். வரிசை கலையாமல் நடந்து, ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டும். பையில் 50 ரூபாய் வைத்திருக்கும் குழந்தை அதற்கு எது கிடைக்கும் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆசிரியர் கிளம்பச் சொல்லிவிடுவார்.

அந்தக் குழந்தைக்குத் தேவையானது சொந்தப் பள்ளியிலேயே, இரண்டு நாளைக்கு, ஒரு பெரிய அறையில் நடக்கும் சின்னப் புத்தகக் காட்சி. நடத்துவது கடினமில்லை. ஆனால் யாரிடம் புத்தகம் வாங்குவது, எப்படிக் காட்சிக்கு வைப்பது, பணத்தை எப்படிக் கையாள்வது என்ற மூன்றையும் முன்கூட்டியே யோசிக்காத பள்ளிகள் முதல் ஆண்டோடு நிறுத்திவிடுகின்றன. உதாரணத்துக்கு ஒரு பள்ளியை வைத்துப் பார்க்கலாம். சிறு நகரம், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 15 பிரிவுகள், பிரிவுக்கு 40 பேராக மொத்தம் 600 பிள்ளைகள்.

விற்பனையாளர் யார்?

பள்ளிக்குப் புத்தகம் தரக்கூடியவர்கள் மூன்று வகை. முதல் வகை பதிப்பகங்கள். பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ட்ரன்', வானம், ஓங்கில் கூட்டம், தூலிகா, பிரதம் புக்ஸ், மத்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட் என்று தமிழில் சிறார் நூல்கள் வெளியிடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டாவது, உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரர். பல பதிப்பகங்களின் நூல்களை ஒரே பில்லில் தருவார், ஏதாவது தீர்ந்துபோனால் மறுநாளே கொண்டுவந்து கொடுப்பார். மூன்றாவது, பள்ளி பள்ளியாக வேனில் வந்து மேசை போட்டு விற்றுவிட்டுப் போகிறவர்.

மூன்றாம் வகையினரோடு வேலை சுலபம். தலைமையாசிரியர் அறையைத் திறந்துவிட்டால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் வேனில் என்ன வருகிறது என்பதைப் பட்டியல் கேட்டுப் பார்க்காவிட்டால், பாதி மேசையில் பளபளக்கும் ஸ்டிக்கர்களும் வாசனை ரப்பர்களும் பொம்மை பேனாக்களும்தான் இருக்கும். பிள்ளைகளின் காசு முதலில் அங்கேதான் போகும். அதனால் எழுதுபொருள், விளையாட்டுச் சாமான் எதுவும் கூடாது என்பது முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 200 ரூபாய் என்று அச்சிட்டு, 'பாதி விலை' என்று 100 ரூபாய்க்குத் தரப்படும் கெட்டி அட்டைப் புத்தகங்கள் உண்டு. எல்லாமே மோசமானவை அல்ல. ஆனால் தரம் குறைந்ததைக் கையில் எடுத்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். எழுதியவர் பெயரோ, வரைந்தவர் பெயரோ இருக்காது. பதிப்பகத்தின் முழு முகவரியும் ஐ.எஸ்.பி.என். எண்ணும் இருக்காது. படங்களில் நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். தமிழ் வரிகளில் ஒற்றுப்பிழைகள் மண்டிக் கிடக்கும். நான்கு அட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அதே முயல்-ஆமைக் கதை இருக்கும். ஒரு தமிழாசிரியரும் நூலகப் பொறுப்பாளரும் அரை நாள் கடைக்குப் போய் மாதிரிப் பிரதிகளைப் புரட்டிவிட்டு வந்தால் இந்தச் சிக்கல் வராது.

நம் 600 பிள்ளைகள் பள்ளிக்கு உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரும், நேரடியாக ஒன்றிரண்டு பதிப்பகங்களும் போதும். அதற்கு மேல் போனால் கணக்கு சிதறும்.

கழிவும் திருப்பித் தருவதும்

விற்பனையாளரோடு பேச வேண்டியவை நான்குதான்: எத்தனை சதவீதம் கழிவு, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா, வண்டிச் செலவு யாருடையது, சேதமானால் யார் பொறுப்பு. இவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. இதில் உயிர்நாடி இரண்டாவது கேள்விக்கான பதில். 'விற்றதற்கு மட்டும் பணம், மீதி திரும்ப' என்று ஒப்புக்கொள்ளாதவரிடம் பள்ளி புத்தகம் எடுக்கக் கூடாது. பள்ளிக்கு முதலீடு கிடையாது. மிஞ்சிய புத்தகம் பள்ளியின் தலையில் விழுந்தால் அடுத்த ஆண்டு காட்சி நடக்காது.

எவ்வளவு எடுப்பது? 600 பேரில் 400 பேர் ஆளுக்கொரு புத்தகம் வாங்குவார்கள், சராசரி அச்சு விலை 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விற்பனை 32,000 ரூபாய். ஆனால் 400 புத்தகங்கள் மட்டும் எடுத்தால் கடைசியாக வரும் வகுப்புக்குக் காலி மேசைதான் மிஞ்சும். விற்பனையைப் போல் இரண்டரை மடங்கு சரக்கு இருந்தால் மேசை நிறைந்தே இருக்கும். அதாவது சுமார் 250 தலைப்புகள், தலைப்புக்கு நான்கு பிரதிகள், மொத்தம் 1,000 புத்தகங்கள், மதிப்பு 80,000 ரூபாய்.

இந்த ஆயிரத்தில் பாதியாவது 60 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காட்சி யாருக்காக நடக்கிறது என்பதை இந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்கிறது. தமிழில் 16, 24 பக்கப் படக்கதைகளும் மெல்லிய அறிவியல் நூல்களும் இந்த விலைக்குள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அடுத்து 350 பிரதிகள் நடுத்தர விலையில் இருக்கலாம். 'டோட்டோ-சான்' போன்ற நீண்ட கதைகளும் சிறார் நாவல்களும் இங்கே வரும். மீதி 150 பிரதிகள் பெரிய வண்ணப் புத்தகங்கள். இவற்றைப் பெற்றோரும் ஆசிரியர்களும் வாங்குவார்கள். தேர்வுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமென்றால் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பட்டியலைப் பார்க்கலாம். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' போன்றவை அதில் உண்டு.

வண்டி வந்து இறங்கியதும்

தகராறு பிறக்கும் இடம் இதுதான். பண்டல்கள் வந்ததும் பிள்ளைகளின் ஆர்வத்தில் உடனே பிரித்து மேசையில் அடுக்கிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது டெலிவரி சலானில் பத்து என்று எழுதியிருக்கும், பள்ளியிலோ விற்றதும் இருப்பதும் சேர்ந்து ஒன்பதுதான் வரும். ஒரு புத்தகம் திருட்டுப்போனதா, பண்டலிலேயே குறைவாக வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு பண்டலைப் பிரித்தால் சலானோடு தலைப்பு வாரியாக எண்ணி, டிக் போட்டு, குறைவு இருந்தால் அன்றே கடைக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பண்டலைத் தொட வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்தால் 1,000 புத்தகங்களை ஒரு மாலையில் எண்ணிவிடலாம்.

எண்ணும்போதே இன்னொரு வேலையும் முடிந்துவிடும். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டைச் செருக வேண்டும். பழைய காலண்டர் தாளைக் கிழித்தாலும் போதும். சீட்டில் மூன்றே தகவல்கள்: புத்தகத்தின் பெயர், விற்பனையாளர் பெயர், பிள்ளைகள் தர வேண்டிய விலை. புத்தகம் விற்றதும் சீட்டை உருவி ஒரு டப்பாவில் போட வேண்டும். மாலையில் டப்பாவிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகையும் கல்லாவில் வந்த பணமும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டுகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்தால் எது எத்தனை விற்றது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். கணினி வேண்டாம், தனிப் பதிவேடு வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போடுவார்கள்.

விலை ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டவே கூடாது. உரிக்கும்போது அட்டை கிழியும். கிழிந்ததைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

பார்க்க ஒரு நாள், வாங்க ஒரு நாள்

இரண்டு நாளும் விற்பனை என்று வைக்காமல், முதல் நாளைப் பார்வை நாளாக வைப்பது நல்ல பலன் தரும். பிரிவுக்கு 20 நிமிடம் என்றால் 15 பிரிவுகளும் ஐந்து மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பிள்ளைகள் புத்தகத்தைத் தொட்டு, புரட்டி, பிடித்த மூன்றின் பெயரையும் விலையையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பெற்றோருக்கு எதற்கு எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும். 'புக்கு வாங்கணும், காசு கொடும்மா' என்று கேட்பதைவிட, பெயரும் விலையும் எழுதிய தாளை நீட்டுகிற பிள்ளைக்குக் காசு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மறுநாள் வாங்க வரும்போது நேரமும் வீணாகாது.

தேதி குறிக்கும்போது சம்பளத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் வைத்தால் விற்பனை படுத்துவிடும். முதல் பத்து நாளுக்குள் வைப்பதே சரி. நவம்பர் 14 குழந்தைகள் தினத்தை ஒட்டி நடத்தப் பல பள்ளிகள் விரும்புகின்றன. அப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் திறந்த வராண்டாவோ தகரக் கொட்டகையோ உதவாது. சாரல் ஒரு முறை அடித்தால் ஓரத்திலிருக்கும் புத்தகங்கள் ஊறி உப்பிவிடும். ஜன்னல் சாத்தக்கூடிய அறைதான் வேண்டும், ஜன்னலோரம் மேசை போடவும் கூடாது.

அட்டை தெரிய வேண்டும்

கடைகளில் புத்தகங்களை நிறுத்தி, முதுகு தெரிய அடுக்குவார்கள். தமிழ்ச் சிறார் நூல்களுக்கு அது பொருந்தாது. பெரும்பாலானவை நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள். முதுகு என்று ஒன்றே இல்லை. நிறுத்தி வைத்தால் வெறும் தாள் விளிம்புதான் தெரியும். அதனால் ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பிரதியின் முன்னட்டை முழுதாகத் தெரிய வேண்டும். மற்ற மூன்றை அதன் அடியிலேயே வைத்துக்கொள்ளலாம். மெல்லிய புத்தகங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே கொடிக்கயிறு கட்டி, நடுப்பக்கம் கயிற்றில் உட்காரும்படி தொங்கவிடலாம்.

உயரம் அடுத்தது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு ஆசிரியரின் மேசை மார்புக்கு மேலே இருக்கும். நடுவில் உள்ள புத்தகத்துக்கு அதன் கை எட்டாது. சின்னவர்களுக்கு உட்காரும் பெஞ்சுகளையே மேசையாகப் பயன்படுத்தி, பக்கத்தில் பாய் விரித்துவிடலாம். பெரியவர்களுக்கு டெஸ்க். இரண்டு வரிசைகளுக்கு நடுவே, குனிந்து பார்க்கும் ஒரு பிள்ளையின் பின்னால் இன்னொரு பிள்ளை நடந்துபோகும் இடைவெளி இருக்க வேண்டும்.

பிரிப்பதை வகுப்பு வாரியாகச் செய்யாமல் வாசிக்கும் திறனை வைத்துச் செய்வது நல்லது. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று பிரித்திருப்பது இதற்கு நல்ல மாதிரி. 'மூன்றாம் வகுப்புக்கு' என்று எழுதிவைத்த மேசைக்கு, வாசிக்கத் திணறும் ஆறாம் வகுப்புப் பிள்ளை வெட்கப்பட்டு வராது. 'நட' என்ற மேசைக்கு வரும்.

ஒவ்வொரு மேசையிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நிற்கட்டும். கலைந்ததை அடுக்குவதும், கேட்டால் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதும் அவர்கள் வேலை. முந்தின வாரமே தங்கள் மேசையிலுள்ள மாதிரிப் பிரதிகளில் நான்கைந்தை அவர்கள் படித்திருந்தால், 'இதுல ஒரு பேய் வரும், ஆனா அது நல்ல பேய்' என்று தங்கையிடம் சொல்ல முடியும். ஆசிரியர் சொல்வதைவிட அது வேகமாக விற்கும்.

கல்லா

விற்பனை நாளன்று நெரிசல் பில் போடும் இடத்தில்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 40 பேருக்கு 40 நிமிடம் ஆகும். இரண்டு பில் மேசைகள் இருந்தால் பிரிவுக்கு 20 நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பெரியவர்கள் தேவை. ஒருவர் சீட்டை உருவி, கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தில் எழுதுவார். மற்றவர் பணம் வாங்கிச் சில்லறை தருவார். இரண்டையும் ஒருவரே செய்தால் தவறு வந்தாலும் தெரியாது, சந்தேகம் வந்தால் அவரும் தன்னை நிரூபிக்க முடியாது.

சில்லறைத் தட்டுப்பாட்டை விலையிலேயே தீர்த்துவிடலாம். சென்னைப் புத்தகக் காட்சி வழக்கப்படி பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 75 ரூபாய்ப் புத்தகம் 67 ரூபாய் 50 காசு என்று வரும். அந்த ஐம்பது காசுக்கு யார் எங்கே போவது? சீட்டு எழுதும்போதே ஐந்தின் மடங்காகக் கீழ்நோக்கிக் குறைத்துவிட வேண்டும். 75 ரூபாய்ப் புத்தகம் 65 ஆகும். 60 ரூபாய்ப் புத்தகம் 54 ஆகாமல் 50 ஆகும். ஐம்பது ரூபாயோடு வரும் பிள்ளைக்கு 60 ரூபாய் வரையுள்ள எல்லாப் புத்தகங்களும் எட்டிவிடும். கல்லாவில் தொடக்கத்திலேயே 2,000 ரூபாய்க்குப் பத்து ரூபாய் நோட்டும் ஐந்து ரூபாய் நாணயமும் போட்டுவைத்து, அந்தத் தொகையைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் பில்லில் வரிக்கென்று எதுவும் சேராது.

பெற்றோர் கைப்பேசியில் பணம் அனுப்புவதாக இருந்தால், ஒட்டிவைக்கும் க்யூஆர் கோடு பள்ளியின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு ஓர் ஆசிரியரின் சொந்த எண்ணை ஒட்டிவைப்பது எத்தனை நல்ல மனதோடு செய்தாலும் பிறகு அவருக்கே தலைவலி. அன்றைய பணத்தை மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை இருவர் சேர்ந்து எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிறகு அதை முதல் வேலையாக வங்கியில் செலுத்த வேண்டும்.

காசில்லாத பிள்ளை

எந்தப் பள்ளியிலும் வெறுங்கையோடு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவை நடத்தும் மக்கள் சிந்தனைப் பேரவை, மாணவர்களுக்கு உண்டியல் கொடுத்து, அதில் சேர்த்த காசில் புத்தகம் வாங்கவைக்கும் திட்டத்தை நடத்திக் காட்டியது. பள்ளி அளவில் இது இன்னும் எளிது. ஜூனில் ஆளுக்கொரு உண்டியல் கொடுத்தால் நவம்பருக்குள் பலரிடம் ஒரு புத்தகத்துக்கான காசு சேர்ந்திருக்கும்.

அப்படியும் சேர்க்க முடியாதவர்களுக்கு 50 ரூபாய்க் கூப்பன்கள். முன்னாள் மாணவர்களும் ஊர்க்காரர்களும் அதற்குப் பணம் தருவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இலவசக் கூப்பனுக்குத் தனி நிறம் கூடாது. பணம் கொடுத்து முன்கூட்டியே வாங்கும் பெற்றோருக்கும் அதே கூப்பனைத் தர வேண்டும். வகுப்பாசிரியர் தனியே அழைத்துக் கொடுத்துவிட்டால், கூப்பன் நீட்டுகிற கைகளில் எது இலவசம் என்று பில் போடுகிறவருக்குக்கூடத் தெரியாது.

கடைசிக் கணக்கு

இரண்டாம் நாள் மாலை மீதிப் புத்தகங்களை மீண்டும் தலைப்பு வாரியாக எண்ண வேண்டும். வந்தவை 1,000. சீட்டுப்படி விற்றவை 400. கையில் இருப்பவை 595. ஐந்து காணவில்லை. இத்தனை கைகள் புழங்கிய இடத்தில் ஐந்து குறைவது இயல்பு. யார் எடுத்தார்கள் என்று பிள்ளைகளின் பைகளைச் சோதிப்பதைவிட அந்தத் தொகையைச் செலவில் எழுதுவது மேல். ஐம்பது குறைந்திருந்தால் அது வேறு விஷயம். எண்ணுவதிலோ கல்லாவிலோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

பணம்: 32,000 ரூபாய் அச்சு விலையுள்ள புத்தகங்கள் விற்றன. பத்து சதவீதத் தள்ளுபடியும் சில்லறைக் குறைப்பும் போகக் கல்லாவில் வந்தது சுமார் 28,000 ரூபாய். கடைக்காரர் 25 சதவீதம் கழிவு தந்திருந்தால் அவருக்குச் சேர வேண்டியது 24,000. காணாமல்போன ஐந்துக்கு இன்னொரு 300. வண்டி வாடகை, தேநீர், கயிறு, பில் புத்தகம் எல்லாம் சேர்த்து 1,700 என்றால் பள்ளியின் கையில் நிற்பது 2,000 ரூபாய். பெரிய தொகை அல்ல. அதே கழிவில் நூலகத்துக்கு 2,600 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகங்கள் வாங்கலாம், அவ்வளவுதான். கட்டட நிதி திரட்டுவதற்காகப் புத்தகக் காட்சி நடத்த நினைக்கும் பள்ளி வேறு வழி பார்க்க வேண்டும். லாபத்தைக் கூட்டத் தள்ளுபடியை நிறுத்தினால் முதலில் விலகிப்போவது ஐம்பது ரூபாய்ப் பிள்ளைதான்.

மீதிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, சொன்ன நாளுக்குள் பணத்தைச் செலுத்திவிட வேண்டும். தவணை தவறாத பள்ளிக்கு அடுத்த ஆண்டு கழிவு கூடும், கேட்ட தலைப்பும் வரும். வரவு செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துவிட்டு அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். பக்கத்திலேயே அதிகம் விற்ற பத்துப் புத்தகங்களின் பெயர்களையும் எழுதினால், நூலகத்துக்கு அடுத்து எதை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதல் ஆண்டிலேயே 1,000 புத்தகங்கள் வேண்டியதில்லை. ஒரே கடைக்காரர், 300 புத்தகங்கள், ஒரு வகுப்பறை, இரண்டு நாள் என்று தொடங்கலாம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் இதுவரை இது நடக்கவில்லை என்றால், மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் நீங்களே பேச்சை எடுங்கள். பில் போட இரண்டு பெற்றோர் வருகிறோம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலான தலைமையாசிரியர்கள் தயங்குவது ஆள் இல்லை என்பதால்தான்.